மூண்டு கொப்பியா, 4+2 ஆ? செஃப் கிளஸ்டர்ல இடமும் ரீபில்ட் நேரமும்: அடிக்கடி கேக்கிற கேள்விகள்

மூண்டு கொப்பி வச்சா காசு கரியாகுது எண்டு பொஸ் கத்துறார் அண்ணா, இரேஷர் கோடிங் போட்டா உண்மையா எவ்வளவு இடம் மிச்சம்?

செஃப் எண்டது கன சேர்வரின்ட டிஸ்க்குகள ஒண்டாச் சேர்த்து ஒரு பெரிய சேமிப்பாக் காட்டுற சொஃப்ட்வெயார், அப்பிடி ஒரு கிளஸ்டர எடுத்துக் கணக்குப் பாப்பம், கீழ வாற பதிலுகளுக்கும் பெரும்பாலும் இதயே பாவிக்கிறன். ஏழு சேர்வர், ஒவ்வொண்டிலயும் 18 டெராபைட் ஹார்ட் டிஸ்க் 12, மொத்தம் 84 டிஸ்க். எல்லாத்தையும் கூட்டினா 1512 டெராபைட். மூண்டு கொப்பி எண்டா மூண்டால பிரிக்க 504. இரேஷர் கோடிங்ல 4+2 எண்டா டேட்டாவ நாலு துண்டாக்கி ரெண்டு பரிட்டி துண்டு சேர்த்து ஆறு சேர்வர்ல வைக்கிறம், அதாவது ஒரு டெராபைட் டேட்டாக்கு ஒண்டரை டெராபைட் டிஸ்க், அப்ப 1008. பொஸ்ஸுக்கு இந்த ரெண்டு நம்பரையும் காட்டினா உடனே கையெழுத்து வைப்பார், ஆனா ரெண்டுமே பாவிக்கேலாத நம்பர்.

ஏனெண்டா டிஸ்க் 85 வீதம் தாண்டினா செஃப் nearfull எண்டு கத்தத் தொடங்கும், 90 க்கு மேல அந்த டிஸ்குக்கு பேக்ஃபில், அதாவது ரீபில்ட் டேட்டா, போகாது, 95 இல எழுதுறதே நிண்டிடும். அதோட ஒரு சேர்வர் முழுசா செத்தா அதில இருந்த டேட்டா மிச்ச ஆறுக்குள்ள அடங்க வேணும். அதால ஆறு சேர்வரின்ட 1296 டெராபைட்ட எடுத்து அதில 85 வீதம் பாத்தா கிட்டத்தட்ட 1100. அதுதான் உண்மையில நிரப்பக்கூடிய அளவு. இத மூண்டால பிரிச்சா 367, ஒண்டரையால பிரிச்சா 734. பொஸ்ஸுக்கு இந்த ரெண்டையும் சொல்லுங்க. இரட்டிப்பு வித்தியாசம் அப்பிடியே இருக்கு, அதில பொய் இல்ல.

இன்னொண்டு, பெட்டில 18 டெராபைட் எண்டு போட்டிருந்தாலும் ceph osd df இல 16.37 TiB எண்டுதான் வரும். டிஸ்க் குறையேல்ல, எண்ணுற முறை வேற. இதுக்காக சப்ளையரோட சண்டை பிடிக்காதீங்க.

பரிட்டி துண்டு எண்டா என்ன, தொலைஞ்ச துண்டு எங்க இருந்து திரும்ப வருது?

5, 7 எண்டு ரெண்டு எண்ண வேற வேற டிஸ்க்ல எழுதி, கூட்டுத்தொகை 12 ஐ மூண்டாவது டிஸ்க்ல எழுதினா, எது போனாலும் மற்ற ரெண்டையும் வச்சு கண்டுபிடிக்கலாம். ரெண்டு டிஸ்க் ஒரேயடியா போனாலும் மீட்க வேணுமெண்டா இன்னொரு சமன்பாடு வேணும். அந்த சமன்பாடுகள ஒழுங்கா அமைச்சுத் தாறதுதான் 1960 இல ரீட், சொலமன் ரெண்டு பேரும் எழுதின கோட். செஃப்ல jerasure, isa எண்ட ப்ளகின்கள் இந்தக் கணக்கத்தான் போடுது. இண்டைய சிபியூக்கு இந்தக் கணக்கு ஒரு சுமையே இல்ல, அதப் பற்றிக் கவலைப்பட வேணாம்.

கவலைப்பட வேண்டிய இடம் வேற. மேல பாருங்க, 5 தொலைஞ்சா அதக் கண்டுபிடிக்க 7 ஐயும் 12 ஐயும் ரெண்டையும் வாசிக்க வேணும். கொப்பி எண்டா இன்னொரு 5 ஐ வாசிச்சா சரி. 4+2 இல ஒரு துண்டத் திரும்ப செய்ய நாலு துண்டு வாசிக்க வேணும். ரீபில்ட் நேரம் பற்றின முழுக் கதையும் இந்த ஒரு வரிக்குள்ள இருந்துதான் வருது.

ஒரு டிஸ்க் செத்தா ரீபில்ட் எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒருத்தர் ரெண்டு மணித்தியாலம் எண்டுறார், ஒருத்தர் ரெண்டு நாள் எண்டுறார்.

ரெண்டு பேரும் சரியா இருக்கலாம், எந்த இடத்தில அடைக்குது எண்டதப் பொறுத்தது. நீங்களே கணக்குப் போடுற மாதிரி சொல்றன்.

டிஸ்க் 70 வீதம் நிரம்பி இருந்தது எண்டு வைப்பம், அப்ப தொலைஞ்சது 12.6 டெராபைட். செஃப் பழைய ரெய்ட் மாதிரி வெறும் இடத்தையும் சேர்த்து கட்டாது, இருந்த டேட்டாவ மட்டும்தான் கட்டும். மூண்டு கொப்பில 12.6 வாசிச்சு 12.6 எழுதினா வேலை முடிஞ்சுது, மொத்தம் 25.2 டெராபைட் டிஸ்க் வேலை. 4+2 இல நாலு மடங்கு வாசிக்க வேணும், 50.4 வாசிப்பும் 12.6 எழுத்தும், மொத்தம் 63.

இனி வேகம். யூசர்மாரும் அதே நேரம் பாவிக்கிறதால ஒரு டிஸ்க் ரீபில்டுக்கு செக்கனுக்கு 40 மெகாபைட் குடுக்குது எண்டு பிடிப்பம். இது நான் பிடிச்ச நம்பர், உங்கட டிஸ்க்ல கூடக் குறைய வரும். மிச்சம் இருக்கிற 83 டிஸ்க்கும் சேர்ந்து வேலை செஞ்சா செக்கனுக்கு 3.3 கிகாபைட். மூண்டு கொப்பி எண்டா ரெண்டு மணித்தியாலத்துக்கு கொஞ்சம் கூட, 4+2 எண்டா அஞ்சேகால் மணித்தியாலம். ரெண்டரை மடங்கு. ஆனா ரெய்ட்ல இதே அளவு டிஸ்க்க ஒரே ஒரு ஸ்பெயார் டிஸ்க்குக்கு செக்கனுக்கு 200 மெகாபைட்ல எழுதினாக்கூட 25 மணித்தியாலம் போகும். அதோட பாத்தா ரெண்டுமே பரவாயில்ல, ஏனெண்டா இங்க எல்லா டிஸ்க்கும் சேர்ந்து கை குடுக்குது.

அடுத்தது நெட்வேர்க். 10 கிகாபிட் போட்டிருந்தா மேல சொன்ன கணக்குக்கு தாராளம். ஆனா இன்னும் ஒரு கிகாபிட் சுவிட்ச்ல செஃப் ஓட்டுற ஆக்கள் இருக்கினம். அவங்களுக்கு ஏழு சேர்வரும் சேர்ந்தே செக்கனுக்கு கிட்டத்தட்ட 770 மெகாபைட்தான் வரும். 4+2 இல அந்த டேட்டாக்குப் பொறுப்பான பிரைமரி டிஸ்க் மற்ற மூண்டு சேர்வர்ல இருந்து துண்டுகள இழுத்து, கணக்குப் போட்டு, புதுத் துண்ட இன்னொரு சேர்வருக்கு அனுப்புது, அதால வயர்ல போறதும் நாலு மடங்கு. 50.4 டெராபைட்ட 770 ஆல பிரிச்சா 18 மணித்தியாலம். மூண்டு கொப்பில அதே வயர்ல நாலரை. அந்த ரெண்டு நாள் எண்ட ஆள் அநேகமா இந்த மாதிரி ஒரு இடத்தில வேலை செய்றவர், இல்லாட்டி யூசர்மாருக்கு முதலிடம் குடுத்து ரீபில்ட்ட நசுக்கி வச்சிருக்கிறவர்.

முழு சேர்வர் செத்தா இத 12 ஆல பெருக்குங்க, வேலை செய்ய மிஞ்சுறது 72 டிஸ்க். மூண்டு கொப்பிக்கு 29 மணித்தியாலம், 4+2 க்கு மூண்டு நாள். மூண்டு நாள் எண்டத எழுதி சுவரில ஒட்டி வைங்க.

எங்களிட்ட ஆறு சேர்வர்தான் இருக்கு. 4+2 க்கு ஆறு போதும்தானே?

பூல், அதாவது டேட்டா வைக்கிற இடம், உருவாகும், HEALTH_OK காட்டும், மாசக்கணக்கா ஒழுங்கா ஓடும். பிரச்சினை ஏதாவது சாகேக்கதான் தெரியும்.

செஃப் டேட்டாவ பிளேஸ்மென்ட் குரூப் எண்ட கூட்டங்களாப் பிரிச்சு வைக்குது, இனி பீஜி எண்டே எழுதுறன். ஒவ்வொரு பீஜியும் ஆறு துண்ட ஆறு சேர்வர்ல ஆளுக்கு ஒண்டா வச்சிருக்கு. ஒரு சேர்வர் செத்தா ஆறாவது துண்ட வைக்க இடம் இல்ல. ஒரே சேர்வர்ல ரெண்டு துண்டு வைக்கக்கூடாது எண்டு நீங்கதானே crush-failure-domain=host எண்டு சொன்னீங்க. அதால செஃப் ஒண்டும் செய்யாம அப்பிடியே நிக்கும். ரீபில்ட் மெதுவா நடக்குது எண்டு இல்ல, தொடங்கவே தொடங்காது. ceph health detail அடிச்சா இப்பிடி ஒரு வரிசை வரும்:

```
pg 7.1a is stuck undersized for 26m, current state active+undersized+degraded, last acting [41,7,2147483647,63,18,30]
```

அந்த 2147483647 ஐப் பாத்து டேட்டா கரப்ட் ஆகிட்டுது எண்டு பயப்பட வேணாம். இந்த இடத்துக்கு ஆள் இல்ல எண்டதுக்கு செஃப் போடுற நம்பர் அது, சில வெர்ஷன்ல NONE எண்டு வரும். சேர்வர் செத்து பத்து நிமிஷம் கழிஞ்சு, அதாவது mon_osd_down_out_interval இன்ட 600 செக்கன் முடிஞ்சு டிஸ்க்குகள் out ஆன பிறகும் இந்த நம்பர் மாறாம நிண்டா, உங்களுக்கு ரீபில்ட் செய்ய இடமே இல்ல எண்டு அர்த்தம். ஏழாவது சேர்வர் இருந்தா அந்த இடத்தில கொஞ்சத்தில ஒரு புது டிஸ்க் நம்பர் வந்து உக்காரும்.

ஒரு டிஸ்க் மட்டும் செத்தாலும் ஆறு சேர்வர்ல கதை வேற. மற்ற அஞ்சு சேர்வர்லயும் ஏற்கனவே ஒரு துண்டு இருக்கிறதால, புதுத் துண்டெல்லாம் அந்த டிஸ்க் செத்த சேர்வரின்ட மிச்ச 11 டிஸ்க்குக்குள்ளதான் போக வேணும். வாசிக்க அஞ்சு சேர்வர் இருக்கு, எழுத 11 டிஸ்க்தான். 12.6 டெராபைட்ட 11 ஆல பிரிச்சு, ஒவ்வொண்டும் அதே 40 மெகாபைட்ல எழுதினா எட்டு மணித்தியாலம். ஏழு சேர்வர்ல அஞ்சேகால் எண்டு பாத்தம், ஒரு பெட்டி குறைஞ்சதுக்கே இவ்வளவு. அந்தப் பதினொண்டும் 70 இல இருந்து 76 வீதத்துக்கு ஏறும். அதே சேர்வர்ல ரெண்டாவது டிஸ்க்கும் போனா மிச்சப் பத்தும் 84 வீதம். மூண்டாவதும் போனா 93, அதுக்கு முதலே 90 இல backfill_toofull எண்டு நிண்டிடும். மற்ற அஞ்சு சேர்வர்லயும் இடம் கிடக்கேக்கயே இது நடக்கும், அதுதான் எரிச்சல்.

ஆறு சேர்வர்தான் எண்டா நான் 3+2 போடச் சொல்லுவன். அஞ்சு சேர்வர் போதும், ஆறாவது ரீபில்டுக்கு இடம். ஆறு சேர்வரின்ட 1296 டெராபைட்ல 4+2 எண்டா 864, 3+2 எண்டா 777. அந்த 86 டெராபைட்டக் குடுத்து, சேர்வர் செத்தாலும் தானா குணமாகிற கிளஸ்டர் ஒண்ட வாங்கிறீங்க. கொழும்பில இருந்து கொண்டு இத விடக் கூடாது, ஏனெண்டா 18 டெராபைட் சேர்வர் டிஸ்க் யூனிட்டி பிளாசாக்கு ஓடிப்போய் வாங்கி வந்து செருகுற சாமான் இல்ல, ஓடர் போட்டா வெளியில இருந்து வந்து சேர கிழமைக்கணக்காகும். சேர்வரின்ட மதர்போர்ட் எண்டா கேக்கவே வேணாம். சாமான் வரும்வரைக்கும் கிளஸ்டர் தன்ட கால்ல நிக்க வேணும்.

எங்களிட்ட நாலு சேர்வர்தான். failure domain ஐ osd ஆக்கினா 4+2 வேலை செய்யுதே?

வேலை செய்யும். osd எண்டா ஒரு டிஸ்க், அதால ஆறு துண்டும் நாலு சேர்வர்ல கண்டபடி விழும், சில பீஜில ஒரே சேர்வர்ல மூண்டு துண்டு இருக்கும். அந்த சேர்வர ஒரு கேர்னல் அப்டேட்டுக்கு ரீபூட் பண்ணினாலே அந்தப் பீஜிகள் நிண்டிடும், டிஸ்க் ஒண்டும் சாகத் தேவையில்ல. சேர்வர் திரும்பி வராட்டி டேட்டா போச்சு. நாலு சேர்வருக்கு மூண்டு கொப்பி போடுங்க, இதில யோசிக்க ஒண்டும் இல்ல.

மூண்டு கொப்பியும் ரெண்டு டிஸ்க் போனாத் தாங்கும், 4+2 உம் ரெண்டு போனாத் தாங்கும். அப்ப பாதுகாப்பு ஒண்டுதானே?

விளம்பரத் தாள்ல ஒண்டுதான். ஒரு டிஸ்க் செத்து ரீபில்ட் நடந்து கொண்டிருக்கிற நேரத்த எடுத்துப் பாருங்க. மூண்டு கொப்பில அந்தப் பீஜிக்கு மிஞ்சி இருக்கிறது ரெண்டு டிஸ்க், டேட்டா அழிய வேணுமெண்டா சரியா அந்த ரெண்டும் சாக வேணும். ஒரே ஒரு ஜோடி. 4+2 இல மிஞ்சி இருக்கிறது அஞ்சு, அதில எந்த ரெண்டு செத்தாலும் மூண்டு துண்டு தொலைஞ்சு கதை முடிஞ்சுது. அஞ்சில ரெண்ட எடுக்கிற வழி பத்து. அதோட அந்த ஆபத்தான நேரமும் ரெண்டரை மடங்கு நீளம்.

இதால 4+2 ஆபத்து எண்டு சொல்லேல்ல. ரெண்டு கொப்பி மட்டும் வச்சிருக்கிறத விட எவ்வளவோ மேல். மூண்டு கொப்பிக்கு சமம் எண்டு மட்டும் நினைக்க வேணாம், அந்த வித்தியாசத்தத்தான் ரீபில்ட் வேகத்தால ஈடு செய்ய வேணும்.

இதில ஆக்கள் கவனிக்காத ஒண்டு இருக்கு. டிஸ்க் முழுசா சாகாம ஒரு செக்டர் மட்டும் வாசிக்கேலாம இருக்கலாம், அது ஒருத்தருக்கும் தெரியாது. ரீபில்ட் நேரம் 50 டெராபைட்ட வாசிக்கேக்கதான் அப்பிடி ஒளிச்சிருக்கிற செக்டர் எல்லாம் வெளிய வரும். அத முன்கூட்டியே பிடிக்கத்தான் டீப் ஸ்க்ரப், டிஃபோல்டா கிழமைக்கு ஒருக்கா. ceph health இல pgs not deep-scrubbed in time எண்டு வாறத நிறையப் பேர் மஞ்சள் வோர்னிங்தானே எண்டு விட்டுடுறாங்க. மூண்டு கொப்பில கூட அது நல்ல பழக்கம் இல்ல, 4+2 இல விடவே கூடாது. ரீபில்ட் நடக்கேக்க டிஃபோல்டா புது ஸ்க்ரப் தொடங்காது, அதால நீளமான ரீபில்ட் ஒவ்வொண்டும் ஸ்க்ரப்பையும் பின்னுக்குத் தள்ளுது.

அப்ப 8+3 போட்டா? மூண்டு போனாலும் தாங்கும், இடமும் இன்னும் மிச்சம்.

மூண்டு தாங்கும் எண்டது நல்லம். ஆனா இடத்தில பெரிசா ஒண்டும் கிடைக்காது. 4+2 க்கு 1.5 மடங்கு, 8+3 க்கு 1.375. எங்கட 1512 இல 1008 எண்டது 1099 ஆகும், ஒம்பது வீதம் கூட. அதுக்கு விலை, ஒரு துண்டக் கட்ட நாலுக்குப் பதிலா எட்டு வாசிக்க வேணும், அதே 83 டிஸ்க்கோட கணக்குப் போட்டா அஞ்சேகால் மணித்தியாலம் ஒம்பதரை ஆகுது. அதோட 11 சேர்வர் கட்டாயம், ரீபில்ட் இடத்தோட 12. மூண்டு கொப்பில இருந்து 4+2 க்கு வாறதுதான் பெரிய லாபம், அதுக்கு மேல k ஐ, அதாவது டேட்டா துண்டுகள, கூட்டக் கூட லாபம் குறைஞ்சு கொண்டும் வலி கூடிக் கொண்டும் போகும்.

பெரிய கொம்பனிகளும் இந்த வாசிப்புப் பிரச்சினைல மாட்டினவங்கதான். மைக்ரோசொஃப்ட் அசூர்ல 12 டேட்டா துண்ட ஆறு ஆறா ரெண்டு குழுவாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் தனி லோக்கல் பரிட்டி, மேல பொதுவா ரெண்டு பரிட்டி எண்டு வச்சாங்க, 2012 இல அதப் பற்றி பேப்பரும் போட்டாங்க. ஒரு துண்டு போனா 12 வாசிக்காம தன்ட குழுவில ஆறு வாசிச்சாச் சரி, இடச் செலவு 1.33 மடங்குதான். செஃப்லயும் lrc எண்டு ஒரு ப்ளகின் இருக்கு. clay எண்டு இன்னொண்டும் இருக்கு, அதில 4+2 க்கு நாலு துண்டுக்குப் பதிலா ரெண்டரைத் துண்டளவு வாசிச்சே கட்டலாம். கணக்கு அழகா இருக்கு, ஆனா கொழும்பில ரெண்டு பேர் கொண்ட டீம் ஒண்டுக்கு நான் இத புரடக்ஷன்ல போடச் சொல்ல மாட்டன். விடிய ரெண்டு மணிக்கு ஏதாவது நிண்டா கேட்டறிய ஆள் கிடைக்கிறது jerasure, isa பாவிக்கிற ஆக்களுக்குத்தான்.

4+2 க்கு மாறின பிறகு இடம் குறையாம கூடிட்டுது! எங்கட சின்ன சின்ன ஃபைல் எல்லாம், ஏதும் பக்கா?

பக் இல்ல. ஒரு 4 கிலோபைட் ஒப்ஜெக்ட்ட எடுங்க. மூண்டு கொப்பில 4 கிலோபைட் மூண்டு, 12. 4+2 இல டிஃபோல்ட் stripe unit 4 கிலோபைட், நாலு துண்டும் சேர்ந்தா 16, ஒப்ஜெக்ட் 4 தான் எண்டாலும் 16 க்கு சைபர் நிரப்பி, பரிட்டி ரெண்டும் சேர்த்து ஆறு துண்டா எழுதும். 24 கிலோபைட். கொப்பிய விட ரெண்டு மடங்கு செலவு.

பழைய கிளஸ்டர் எண்டா இன்னும் மோசம். பசிஃபிக் வெர்ஷனுக்கு முதல் ஹார்ட் டிஸ்க்ல ஆகக் குறைஞ்ச ஒதுக்கீடு 64 கிலோபைட், அப்ப அதே 4 கிலோபைட்டுக்கு ஆறு தரம் 64, அதாவது 384. பசிஃபிக்ல அது 4 கிலோபைட்டா குறைஞ்சுது, ஆனா அந்த அளவு டிஸ்க்க முதல்ல உருவாக்கேக்கயே பதிஞ்சிடும், வெர்ஷன அப்கிரேட் பண்ணினதால மாறாது. அந்த ஓஎஸ்டிய அழிச்சுத் திரும்பச் செய்ய வேணும். டென்டகிள் வெர்ஷன்ல allow_ec_optimizations எண்டு ஒரு செட்டிங் வந்து இந்த சைபர் நிரப்புறதக் குறைக்குது, ஆனா கீழ இருக்கிற 64 கிலோபைட்ட அது மாத்தாது.

பிடிக்கிறது லேசு. ceph df detail இல அந்தப் பூலுக்கு STORED ஐயும் USED ஐயும் பாருங்க. 4+2 எண்டா USED ஒண்டரை மடங்குக்குக் கிட்ட இருக்க வேணும். ரெண்டு, மூண்டு எண்டு போனா உங்கட ஒப்ஜெக்டுகள் சின்னன். இமெயில், தம்ப்நெயில், சென்சர் லொக் மாதிரி சாமான கொப்பிலயே விடுங்க. வீடியோ, பேக்கப், ஸ்கேன் பண்ணின பெரிய பிடிஎஃப் எல்லாம் 4+2 க்கு.

விஎம் டிஸ்க், டேட்டாபேஸ் எல்லாம் 4+2 இல வைக்கலாமா?

வைக்கலாம், ஆனா ஹார்ட் டிஸ்க்ல வேணாம். டேட்டாபேஸ் ஒரு 4 கிலோபைட்ட மாத்தினா, கொப்பில மூண்டு இடத்தில எழுதினாச் சரி. 4+2 இல பழைய துண்டுகள வாசிச்சு, பரிட்டியத் திரும்பக் கணக்குப் போட்டு, ஆறு இடத்தில எழுத வேணும், அதில ஆக மெதுவான டிஸ்க் முடிக்கும்வரை மற்ற எல்லாம் காத்திருக்கும். விஎம் பேக்கப்ப 4+2 இல வைங்க, விஎம்ம கொப்பில வைங்க.

ரீபில்ட் நடக்கேக்க யூசர்மார் ஸ்லோ ஸ்லோ எண்டு கோல் எடுக்கிறாங்க, என்ன செய்ய?

குவின்சி வெர்ஷன்ல இருந்து mclock தான் இதப் பாத்துக் கொள்ளுது. பகல்ல யூசருக்கு, இரவில ரீபில்டுக்கு எண்டு மாத்தி விடுங்க:

```
ceph config set osd osd_mclock_profile high_client_ops
ceph config set osd osd_mclock_profile high_recovery_ops
```

முதலாவது காலமை, ரெண்டாவது ஒஃபிஸ் முடிஞ்ச பிறகு. யூசர் கத்துறாங்க எண்டு நாள் முழுக்க முதலாவதிலயே விட்டா அஞ்சு மணித்தியால ரீபில்ட் ரெண்டு நாளாகும், மேல சொன்ன பத்து ஜோடி ஆபத்தும் ரெண்டு நாளைக்கு. ஒரு பீஜில ரெண்டு துண்டு போயிட்டுது எண்டா, அதாவது இன்னும் ஒண்டு போனா டேட்டா இல்ல எண்ட நிலைமைல, யூசர் கத்தட்டும், ரீபில்ட்ட விடுங்க. இந்த முடிவ டிஸ்க் சாக முதலே பொஸ்ஸோட கதைச்சு வைங்க, செத்த பிறகு கதைச்சா சேல்ஸ் டீம்தான் வெல்லும்.

ரெண்டு சேர்வர் ஒரேயடியா விழுந்து பூல் நிண்டிட்டுது. min_size ஐ 4 ஆக்கினா ஓடும் எண்டு ஒருத்தர் சொன்னார், செய்யலாமா?

ஓடும், அதுதான் பிரச்சினை. min_size எண்டா பூல் ஓட ஆகக் குறைஞ்சது எத்தின துண்டு இருக்க வேணும் எண்டது, 4+2 பூலுக்கு டிஃபோல்ட் 5. நாலு துண்டுதான் மிஞ்சினா டேட்டா இருக்கு, ஆனா செஃப் வாசிக்கவும் விடாது, எழுதவும் விடாது. நாலாக்கினா புது டேட்டா வெறும் நாலு துண்டோட எழுதுப்படும், ஒண்டு கூட மேலதிகமா இல்ல. அந்த நேரம் எந்த டிஸ்க்காவது ஒரு நிமிஷம் ஆடினாலும் அந்தப் பீஜி நிக்கும், செத்தா எழுதினது unfound. விழுந்த சேர்வர் பிறகு திரும்பி வந்தாலும் உதவாது, அதிட்ட இந்தப் புது டேட்டா இல்லையே.

ஒக்டோபஸ் வெர்ஷன்ல இருந்து min_size க்குக் கீழ போனாலும், k துண்டு இருந்தா, இடமும் இருந்தா, செஃப் தானாவே ரீபில்ட் செய்யும். அதால முதல் விழுந்த சேர்வர எழுப்பப் பாருங்க. கடைசி வழியா நாலாக்கித்தான் ஆக வேணுமெண்டா, எழுதுற அப்ளிகேஷன் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டுச் செய்யுங்க, அஞ்சு துண்டு சேர்ந்த உடனே திரும்ப 5 க்குப் போடுங்க. போட மறந்த கிளஸ்டர்கள் எத்தினையோ இருக்கு, ceph osd pool ls detail அடிச்சு உங்கடதையும் ஒருக்காப் பாருங்க.

கரண்ட் கட் எண்டா எது நல்லம்?

ரெண்டும் ஒண்டுதான். 2025 பெப்ரவரி 9 பாணந்துறைல குரங்கு ஒண்டால நாடே இருண்ட மாதிரி ஒரு நாளில, ஜெனரேட்டர் எடுக்காட்டி ஏழு சேர்வரும் சேர்ந்துதான் விழும். தெரிஞ்ச கட் எண்டா நிப்பாட்ட முதல் ceph osd set noout அடியுங்க, இல்லாட்டி ஒரு சேர்வர் மட்டும் எழும்பப் பிந்தினா பத்து நிமிஷத்தில 151 டெராபைட் ரீபில்ட் தொடங்கிடும், அது எழும்பின பிறகு செஞ்ச வேலை எல்லாம் வீண். எல்லாம் வந்த பிறகு unset அடிக்க மறக்காதீங்க.

இப்ப எல்லாம் மூண்டு கொப்பில இருக்கு. பூல அப்பிடியே 4+2 க்கு மாத்தேலுமா?

ஏலாது. கொப்பி பூல் கொப்பியாவே இருக்கும், 4+2 ஆ உருவாக்கினதின்ட k, m ஐயும் பிறகு மாத்தேலாது. புதுப் பூல் ஒண்டு செஞ்சு டேட்டாவ அதுக்குள்ள கொண்டு போக வேணும். செஃப்எஃப்எஸ் எண்டா இப்பிடி:

```
ceph osd erasure-code-profile set ec42 k=4 m=2 crush-failure-domain=host
ceph osd pool create archive-data erasure ec42
ceph osd pool set archive-data allow_ec_overwrites true
ceph fs add_data_pool cephfs archive-data
setfattr -n ceph.dir.layout.pool -v archive-data /mnt/cephfs/archive
```

மெட்டாடேட்டா பூலும் முதலாவது டேட்டா பூலும் கொப்பிலயே இருக்கட்டும். கடைசி வரிக்குப் பிறகு அந்த ஃபோல்டர்ல புதுசா உருவாகிற ஃபைல்தான் 4+2 க்குப் போகும், ஏற்கனவே இருந்தது பழைய பூல்லயே கிடக்கும். வேற ஃபோல்டர்ல இருந்து mv பண்ணினாலும் பேர் மட்டும்தான் மாறும், டேட்டா நகராது. cp பண்ணி, செக்சம் பாத்து, பிறகு பழையத அழிக்க வேணும். ஸ்னாப்ஷொட் இருந்தா அழிச்சாலும் பழைய பூல்ல இடம் விடாது, அந்த ஸ்னாப்ஷொட்டையும் போக்க வேணும்.

கொப்பி நடக்கேக்க ஒவ்வொரு ஃபைலும் கொஞ்ச நேரம் ரெண்டு பூல்லயும் இருக்கும், நாலரை மடங்கு இடம். கிளஸ்டர் ஏற்கனவே 70 வீதம் எண்டா ஒரேயடியா செய்யேலாது, அஞ்சு டெராபைட் அஞ்சு டெராபைட்டா கொண்டு போங்க. அழிச்ச இடமும் உடன வராது, பின்னால மெதுவா அழியும். ஒரு தொகுதி முடிஞ்சதும் ceph df இல பழைய பூலின்ட USED உண்மையா இறங்கினதப் பாத்துப்போட்டு அடுத்ததத் தொடங்குங்க.